எட்டு விரல் ஈரம்

பென்னாகரம்
ஐப்பசி 5

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் தத்தித் தத்தி நடப்பதைப் படித்துவிட்டு உன் மதினி இரண்டு முறை சிரித்தாள். மாணவர்களை அடுத்த வாரமே அழைத்து வா. மேட்டுக்காட்டில் ராகியைத் தேடி ஏமாறாதீர்கள், அங்கே இப்போது கொள்ளுதான் நிற்கிறது.

ஆடி முதல் வாரம் 17 மி.மீ. மழை பெய்தது. பக்கத்துக் காடுகளில் அன்றே விதைத்துவிட்டார்கள். நான் மண்வெட்டியால் குழி பறித்து விரலால் அளந்தேன். சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு போட்ட இடத்தில் ஈரம் ஏழு விரல் இறங்கியிருந்தது, சரிவோடு உழுத இடத்தில் நாலு விரல்தான். செம்மண் காட்டுக்கு எட்டு விரல், அதாவது 15 செ.மீ. நனையாமல் நான் விதைப்பதில்லை. அன்று விதைத்தவர்களுக்கு முளை கிளம்பியது. மேல்மண் ஓடு கட்டி இறுகவே அதன் அடியிலேயே கருகியது.

பதினோரு நாள் கழித்து 26 மி.மீ. பெய்தது. ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர், எவ்வளவு உள்ளே போனது என்பதுதான் கேள்வி. எட்டுச் சால் ராகிக்கு ஒரு சால் அவரை விட்டு விதைத்தேன்.

விதைத்த இருபதாம் நாளோடு மழை நின்றது. பிறகு முப்பத்திரண்டு நாள் வானம் திறக்கவில்லை. இறுகிய மேல்மண் ஓட்டைக் கொத்தி உடைத்தேன், நெருக்கமான பயிரைக் கலைத்தேன். நண்பகலில் சுருண்ட இலை மாலையில் விரிந்தால் பயம் இல்லை. விடிந்தும் சுருண்டே இருந்தால் வேரடியில் ஈரம் தீர்ந்துவிட்டது என்று பொருள். மேட்டுத் துண்டில் ஒரு அடிக்குக் கீழே பாறை. அங்கே இலைகள் விடியலிலும் விரியவில்லை. பள்ளத்துத் துண்டு, அதே பக்குவத்தில், பிழைத்துக்கொண்டது. ஆழமில்லாத மண்ணில் எந்தச் சேமிப்பு வேலையும் ஓர் அளவுக்கு மேல் கைகொடுக்காது. உன் மாணவர்களுக்கு இரண்டு துண்டையும் அருகருகே காட்ட வேண்டும்.

மேட்டு ராகியை மாட்டுக்கு அறுத்துப் போட்டேன். புரட்டாசி ஐந்தாம் தேதி 33 மி.மீ. பெய்தது. மறுநாளே மேலோட்டமாக ஒரே உழவு ஓட்டி, ஏக்கருக்கு எட்டுக் கிலோ கொள்ளு விதைத்தேன். ஆழ உழுதிருந்தால் கிடைத்த ஈரமும் காற்றில் போயிருக்கும். "சாமை 85 நாளில் வந்துவிடுமே, கொள்ளுக்கு நூறு நாளுக்கு மேல் ஆகுமே" என்று மகன் கேட்டான். நாள் கணக்கில் அவன் சொன்னது சரி. ஆனால் சாமைக்குக் கதிர் பால் பிடிக்கும்போது ஈரம் வேண்டும். கொள்ளு தரையை மூடிப் படர்ந்து, காய்ந்தால் வளர்ச்சியைச் சுருக்கிக்கொண்டு, பனியிலேயே காலம் தள்ளும். ஆவணி நடுவிலேயே ராகி போயிருந்தால் நானும் சாமைதான் போட்டிருப்பேன்.

ஒரு தவறும் செய்தேன். பள்ளத்துத் துண்டில் தண்ணீர் தேக்கச் சாலுக்குச் சால் குறுக்கே அணை போட்டிருந்தேன். புரட்டாசி மழையில் அவற்றை வெட்டிவிட மறந்து, இரண்டு நாள் நீர் நின்று, அவரை மஞ்சளித்தது. மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை, வந்து பார்.

வரும்போது உன் பழைய மழைமானியை எடுத்து வா. என்னுடையதில் ஓணான் குடியேறிவிட்டது.

அன்புடன்,
மாதையன்