ஒவ்வொரு கைக்கும் கலைக்கப்படும் கட்டில் எதை எண்ணச் சொல்கிறீர்கள்? – கார்டு கவுண்டிங் பயிற்சி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் கார்டு கவுண்டிங் வகுப்பு நடத்தும் பயிற்சியாளர்களுக்கு வணக்கம்.

பிளாக்ஜாக் எப்படி ஆடுவது, ஹை-லோ என்றால் என்ன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பவர்களே நீங்கள்தான். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் ஒருவர் அண்மையில் வெளியிட்ட விளம்பரக் காணொளிதான் இந்த மடலுக்குக் காரணம். போன் திரையில் கணினி சீட்டுப் போடும் ஆட்டம் ஓடுகிறது, மேசையில் 8 கட்டு என்று எழுதியிருக்கிறது. எட்டு கை முடிந்ததும் ஓரத்தில் ரன்னிங் கவுண்ட் +9 என்று பச்சையில் மின்னுகிறது. பந்தயம் 100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்குத் தாவுகிறது. அந்தக் கை ஜெயிக்கிறது. "கணக்கு பொய் சொல்லாது" என்று குரல் வருகிறது.

கணக்கு பொய் சொல்லாதுதான். ஆனால் அந்தத் திரையில் கணக்கு என்று ஒன்று நடக்கவே இல்லை. அந்த ஆட்டத்தின் விதிப் பக்கத்தைத் திறந்தால், ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் எல்லாக் கட்டுகளும் புதிதாகக் கலைக்கப்படும் என்று எழுதியிருக்கும். போன எட்டு கையில் விழுந்த 4, 5, 6 எல்லாம் ஒன்பதாவது கைக்குள் திரும்பி வந்துவிட்டன. ஒன்பதாவது கைக்கு முன் உண்மையான கவுண்ட் பூஜ்யம். இன்னொன்றையும் பாருங்கள். அது கலைக்கப்படாத அசல் ஷூவாகவே இருந்திருந்தாலும், எட்டு கையில் போயிருப்பது ஏறக்குறைய 43 சீட்டு, அதாவது ஒரு கட்டுக்கும் குறைவு. மீதி ஏழு கட்டுக்கு மேல் இருக்கிறது. +9ஐ அதனால் வகுத்தால் ட்ரூ கவுண்ட் 1.25தான் வரும். வழக்கமான விதிகளில் அது வீட்டின் சாதகத்தை ஈடுகட்டிக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. பந்தயத்தைப் பதினைந்து மடங்காக்க அதில் ஒரு காரணமும் இல்லை. கற்றுக்கொடுப்பவரே வகுத்தலை விட்டுவிட்டால் கற்றுக்கொள்பவர் என்ன செய்வார்?

என் கோரிக்கை ஒன்றே. ஒவ்வொரு கைக்கும் கலைக்கப்படும் ஆன்லைன் ஆட்டங்களில் கார்டு கவுண்டிங் பயன் தராது என்பதை உங்கள் விளம்பரத்திலும், பணம் கட்டும் பக்கத்திலும் எழுதுங்கள்.

ஏன் பயன் தராது என்பதை உங்கள் மாணவர்களும் படிக்கக்கூடும் என்பதால் விரித்துச் சொல்கிறேன். எண்ணுவதால் வரும் லாபத்தில் பெரும்பகுதி பந்தயத்தைக் கூட்டிக் குறைப்பதில் வருகிறது. மீதிக் கட்டில் பத்தும் ஏஸும் நிறைந்திருக்கும்போது அதிகம் கட்ட வேண்டும், வற்றியிருக்கும்போது குறைவாகக் கட்ட வேண்டும். ஆனால் பந்தயம் வைப்பது சீட்டு விழுவதற்கு முன். ஒவ்வொரு கைக்கும் முழுக் கட்டையும் கலைத்தால், பந்தயம் வைக்கும் நொடியில் நமக்குத் தெரிந்த சீட்டு ஒன்றுமில்லை. எவ்வளவு வேகமாக எண்ணினாலும் அதற்கு மாற்று இல்லை. எட்வர்ட் தோர்ப் 1962இல் இந்த முறையை உலகத்துக்குச் சொன்னபோது டீலர்கள் ஒற்றைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய கடைசி வரை போட்டார்கள். போன சீட்டு போனதுதான் என்ற அந்த நிலைமையின் மேல்தான் அவர் கணக்கு நின்றது.

பந்தயத்தைக் கூட்ட முடியாவிட்டால் என்ன, கைக்குள்ளேயே தெரியும் சீட்டுகளை வைத்து முடிவெடுக்கலாமே என்று உங்கள் பாடத்தில் ஒருவர் சொல்கிறார். உதாரணம் இன்ஷூரன்ஸ். நல்ல உதாரணம், அதையே எடுத்துக்கொள்வோம். டீலரிடம் ஏஸ் தெரிகிறது. மறைந்திருக்கும் சீட்டு பத்து மதிப்புள்ளதாக இருந்தால் இன்ஷூரன்ஸ் இரண்டு மடங்கு தரும். ஆகவே மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்துகள் இருந்தால்தான் அது லாபம். 8 கட்டில் 416 சீட்டு. 10, ஜாக், ராணி, ராஜா சேர்த்து 128. அந்த 128, மீதியில் சரியாக மூன்றில் ஒரு பங்காக வேண்டுமானால் மீதி 384ஆக இருக்க வேண்டும். அதாவது 32 சீட்டு வெளியே தெரிய வேண்டும், அதில் ஒன்றுகூடப் பத்தாக இருக்கக் கூடாது. ஏழு பேர் நிறைந்த மேசையில் இன்ஷூரன்ஸ் கேட்கும் நேரத்தில் தெரிவதே 15 சீட்டுதான். பதினைந்தும் சின்னச் சீட்டாகவே விழுந்தாலும் 128ஐ 401ஆல் வகுக்க வேண்டும், 31.9 சதவீதம். 33.3ஐத் தொடாது. ஆக, ஒவ்வொரு கைக்கும் கலைக்கப்படும் 8 கட்டு ஆட்டத்தில் இன்ஷூரன்ஸ் லாபமாகும் கை ஒன்றுகூடக் கிடையாது. உங்கள் பாடத்தில் "கவுண்ட் +3 ஆனால் இன்ஷூரன்ஸ் எடு" என்ற விதி எந்த நிபந்தனையும் இல்லாமல் நிற்கிறது. ஷூவில், அது ட்ரூ கவுண்ட் என்றால், சரி. போன் ஆட்டத்தில் அது எப்போதுமே சராசரியில் நஷ்டம்.

நேரலை மேசைகளை உங்கள் தரப்பில் சொல்வீர்கள் என்று தெரியும். அங்கே மனித டீலர் இருக்கிறார், ஷூ இருக்கிறது, உண்மையாகவே எண்ணலாம். ஆனால் 8 கட்டில் பாதியளவிலேயே வெட்டுச் சீட்டை வைக்கும் மேசைகள் பல. இரண்டு கட்டு போன பிறகு ட்ரூ கவுண்ட் +2 ஆக, ரன்னிங் கவுண்ட் +12ஐத் தொட வேண்டும். அந்த இடத்தில் நூறு ஷூவில் ஏறக்குறைய ஏழில்தான் அப்படி அமையும். அமைந்தாலும் கிடைக்கும் சாதகம் அரை சதவீத அளவு, 100 ரூபாய்க்கு 50 காசு. ஒரே கையில் நூறு ரூபாய் மேலும் கீழும் ஆடும் ஆட்டத்தில் அந்த 50 காசை அறுவடை செய்ய எத்தனை ஆயிரம் கை ஆட வேண்டும் என்று உங்கள் வகுப்பில் யாரும் சொல்வதில்லை. சில மேசைகளில் டீலர் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆடிய சீட்டுகளை அப்படியே இயந்திரத்துக்குள் தள்ளிவிடுவார். வெட்டுச் சீட்டும் இருக்காது, கழித்த சீட்டு அடுக்கும் தட்டும் இருக்காது. அந்த இரண்டும் கண்ணில் படவில்லையென்றால் அது இடைவிடாமல் கலைக்கும் மேசை. அங்கும் எண்ணிப் பயனில்லை.

இதில் என்னைப் பெரிதும் வருத்துவது, எண்ணத் தெரியாதவரைவிட உங்களிடம் கற்றவர் அதிகம் இழக்கிறார் என்பதுதான். கூட்டிப் பாருங்கள். அடிப்படை உத்தியைப் பிழையில்லாமல் ஆடினால் நல்ல விதிகள் உள்ள மேசையில் வீட்டின் சாதகம் ஏறக்குறைய அரை சதவீதம். நூறு கை, ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் என்றால் சுழலும் பணம் 10,000, சராசரி இழப்பு 50 ரூபாய். உங்கள் மாணவர் இல்லாத கவுண்டை நம்பி அதில் இருபது கைக்கு 800 ரூபாய் கட்டுகிறார். சுழலும் பணம் 24,000 ஆகிறது, சராசரி இழப்பு 120 ரூபாய். ஆட்டம் மாறவில்லை, சாதகம் மாறவில்லை, நஷ்டம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். போனில் நூறு கை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தோற்ற பிறகு அவர் வகுப்பைச் சந்தேகிப்பதில்லை, தன் வேகம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு உங்கள் அடுத்த நிலை வகுப்புக்குப் பணம் கட்டுகிறார். இது தெரிந்தே நடக்கிறது என்று நினைக்கும்போது மரியாதையாக எழுதுவது கடினமாக இருக்கிறது.

அடிப்படை உத்திக்குப் போன சீட்டுகளின் ஞாபகமே தேவையில்லை, அதனால் கலைப்பதால் அது கெடுவதில்லை. ஆன்லைனில் கற்றுக்கொடுக்கத் தகுந்தது அதுதான். 1956இல் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த நால்வர் மேசைக் கால்குலேட்டரில் போட்டு வெளியிட்ட கணக்கு, இன்றைய அட்டவணைகளின் வேர். அதையும் நீங்கள் அரைகுறையாகத் தருகிறீர்கள். கையில் 16, டீலரிடம் 10 என்றால் "ஸ்டாண்ட், பஸ்ட் ஆகிவிடும்" என்கிறது உங்கள் அட்டவணை. ஹிட் செய்தாலும் நின்றாலும் 100 ரூபாய்க்குச் சராசரியாக 54 ரூபாய் அளவு போகும், ஹிட்டில் மயிரிழை குறைவாகப் போகும். சரண்டர் இருந்தால் 50தான் போகும். அந்த 4 ரூபாயைக் காப்பாற்றும் வழியை உங்கள் அட்டவணை சொல்லவே இல்லை.

அடுத்து, நீங்கள் தருவது அமெரிக்க அட்டவணை. அங்கே டீலர் மறைசீட்டை முன்பே பார்த்து, பிளாக்ஜாக் இருந்தால் அப்போதே ஆட்டத்தை முடித்துவிடுவார். ஆன்லைனில் பல மேசைகள் ஐரோப்பிய முறையில் ஓடுகின்றன. டீலருக்கு இரண்டாவது சீட்டு கடைசியில்தான் வரும், அது பிளாக்ஜாக் ஆனால் டபுள் செய்த பணமும் ஸ்ப்ளிட் செய்த பணமும் சேர்ந்து போகும். அந்த மேசையில் 11க்கு எதிரே 10 இருந்தால் டபுள் செய்யக் கூடாது, 8-8க்கு எதிரே 10 இருந்தால் ஸ்ப்ளிட் செய்யக் கூடாது, இரண்டிலும் ஹிட்தான். பிளாக்ஜாக்குக்கு 3:2 தருகிறார்களா, 6:5 தருகிறார்களா என்று பார்க்கவும் நீங்கள் சொல்வதில்லை. பிளாக்ஜாக் நூறு கையில் ஐந்துக்குச் சற்றுக் குறைவாக வரும், ஒவ்வொன்றிலும் 100 ரூபாய்க்கு 30 ரூபாய் குறைகிறது. அதனால் வீட்டின் சாதகம் கூடுதலாக 1.3 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. அரை சதவீதம் இருந்த இடத்தில் இது எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை இந்தியாவில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, அதற்கு விளம்பரம் செய்வதையும் சேர்த்து. உங்கள் காணொளிகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சென்னையில் பார்ப்பவருக்கும் லண்டனில் பார்ப்பவருக்கும் ஒரே அழைப்புதான். தமிழில் பேசினால் அதிகாரிகள் கண்ணில் படாது என்று நினைக்கிறீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அது தனி மடலுக்கான விஷயம், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

மீண்டும் பணிவாகக் கேட்கிறேன். கலைக்கப்படும் ஆட்டங்களுக்கு எண்ணும் வகுப்பை விற்காதீர்கள். எழுத வேண்டிய வாசகத்தை நானே தருகிறேன்: "ஒவ்வொரு சுற்றுக்கும் சீட்டு கலைக்கப்படும் ஆன்லைன் ஆட்டங்களிலும், இடைவிடாமல் கலைக்கும் இயந்திரம் உள்ள மேசைகளிலும் இந்தப் பயிற்சியால் லாபம் கிடைக்காது." கட்டணத் தொகைக்கு மேலே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். போனில் ஆடுவதற்காகவே சேர்ந்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடுங்கள். +9 காணொளியை நீக்கிவிடுங்கள்.