வாரத்தில் ஒரு நாள் போதுமா என்று கேட்டாய்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மா இப்போது கைத்தடி இல்லாமலே நடக்கிறார்கள் என்று படித்ததும்தான் மனசு லேசானது. இங்கே எனக்கு மாற்றம் ஒன்றும் இல்லை, வாரத்தில் ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் மட்டும் என் கையில். உனக்கும் இப்போது அதே நிலைமை என்கிறாய். கிடைக்கிற அந்த ஒரு நாளில் ஜிம்முக்குப் போனால் ஏதாவது பலன் உண்டா, இல்லை வீண் வேலையா என்று கேட்டிருக்கிறாய். பதினாலு மாதமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறு. இருப்பது ஒரு நாள்தானே, வாரம் முழுவதற்கும் உள்ளதை இன்றே முடித்துவிடுவோம் என்று முதல் நாளே ஸ்குவாட் ஐந்து செட், லெக் பிரஸ் நாலு செட், நெஞ்சுக்கு மூன்று வகை, முதுகுக்கு மூன்று வகை என்று இரண்டரை மணி நேரம் செய்தேன். மறுநாள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அடுத்த நாள் மாடிப்படியில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். வலி ஐந்து நாள் இருந்தது. அடுத்த வாரம் ஜிம்முக்குப் போகவே இல்லை.

ஒரு தசைக்கு ஒரே நாளில் கொடுக்கிற வேலையில் முதல் இரண்டு மூன்று செட்தான் பெரும் பலனைத் தருகிறது. அதற்கு மேல் போகப்போக பலன் சுருங்கிக்கொண்டே வரும், வலியும் களைப்பும் மட்டும் ஏறும். பயிற்சி முடிந்தபின் தசை தன்னைக் கட்டிக்கொள்ளும் வேலை ஒன்றிரண்டு நாள்தான் வேகமாக நடக்கும், அப்புறம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஐந்து செட்டைப் பத்தாக்கினாலும் அது ஏழு நாளுக்கு நீளாது. அதனால் வாரம் ஒரு முறை செய்கிறவன் வாரம் மூன்று முறை செய்கிறவன் அளவுக்குத் தசை வளர்க்க முடியாது, இதை நீ முதலிலேயே ஒத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் பலம் ஏறும், புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு நன்றாகவே ஏறும், ஏனென்றால் முதல் சில வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பகுதி தசை பெருத்து வருவது இல்லை, இருக்கிற தசையை நரம்புகள் முழுசாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது.

இப்போது நான் செய்வது ஆறே பயிற்சி. முதலில் ஸ்குவாட், அப்புறம் டம்பெல் பெஞ்ச் பிரஸ்ஸும் ரோவும் மாற்றி மாற்றி, பிறகு ருமேனியன் டெட்லிஃப்ட், கடைசியாக ஷோல்டர் பிரஸ்ஸும் லாட் புல்டவுனும் மாற்றி மாற்றி. தள்ளுவதையும் இழுப்பதையும் ஜோடியாகப் போட்டால் ஒன்று உழைக்கும்போது மற்றது ஓய்வெடுக்கும், நேரம் மிச்சம். ஒவ்வொன்றிலும் இரண்டு செட்தான், ஆனால் அந்த இரண்டும் நேர்மையான செட்டாக இருக்க வேண்டும், அதாவது நிறுத்தும்போது இன்னும் ஒன்றோ இரண்டோதான் சரியான முறையில் வரும் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். இன்னும் ஆறு ஏழு வரும்போதே வைத்துவிட்டால் இரண்டு செட் போதாது. ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்டிலும் ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவில் இரண்டரை மூன்று நிமிடம் உட்காருகிறேன். வார்ம்அப்போடு சேர்த்து எழுபது நிமிடத்தில் முடிந்துவிடும். வார்ம்அப்பை மட்டும் விடாதே, ஏழு நாள் கழித்துத் தூக்குகிறவனுக்கு அசைவே மறந்திருக்கும். நான் வெறும் பாரில் எட்டு, பாதி எடையில் ஐந்து, முக்கால் எடையில் மூன்று என்று ஏறித்தான் வேலைச் செட்டுக்கு வருகிறேன்.

எடை கூட்டுவதற்கு ஒரே விதி வைத்திருக்கிறேன். ஒரு செட்டுக்கு ஆறிலிருந்து பத்து வரை எண்ணிக்கை, இரண்டு செட்டிலும் பத்து வந்துவிட்டால் அடுத்த வாரம் 2.5 கிலோ கூட்டுவேன், வராவிட்டால் அதே எடை. ஸ்குவாட்டில் பாரையும் சேர்த்து 30 கிலோவில் தொடங்கினேன். முதல் இரண்டு மாதம் அநேகமாக எல்லா வாரமும் கூடி 50-க்கு வந்தது. அடுத்த 10 கிலோவுக்கு நாலு மாதம் பிடித்தது. இப்போது 65-ல் இருக்கிறேன், நாலு மாதத்துக்கு ஒரு முறைதான் நகர்கிறது. ஷோல்டர் பிரஸ் இதைவிட மெதுவாகவே போகிறது. கண்ணாடியில் பெரிய மாற்றம் இல்லை, தொடையிலும் முதுகிலும் கொஞ்சம் தெரிகிறது. ஆனால் கனமான பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து பரண் மேல் வைக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற காலம் போய்விட்டது.

நீ முன்பு ஒழுங்காகப் பயிற்சி செய்தவன், அதனால் உனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கூட்டுவதைவிட, இருப்பதைக் காப்பாற்ற மிகக் குறைவே போதும். பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தினர் 2011-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சிலருக்கு 16 வாரம், வாரம் மூன்று நாள் கால் பயிற்சி கொடுத்து, பிறகு 32 வாரம் அளவைக் குறைத்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒன்பதில் ஒரு பங்குதான், அதாவது வாரம் ஒரு நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே செட். 20 முதல் 35 வயதுக்காரர்களுக்கு அதிலேயே தசை அளவு நின்றது. 60 முதல் 75 வயதுக்காரர்களுக்குப் பலம் பெரும்பாலும் நின்றது, தசை அளவு குறைந்தது. நாம் இரண்டு வயதுக்கும் நடுவில் இருக்கிறோம், அதனால் நான் ஒரு செட்டோடு நிற்காமல் இரண்டு செய்கிறேன்.

இந்த ஒரு நாள் எதற்கு உதவாது என்றால், மூச்சுத் திறனுக்கு உதவாது, எடை குறையவும் இது மட்டும் போதாது. எழுபது நிமிடப் பயிற்சியில், அதுவும் பாதி நேரம் உட்கார்ந்தே இருப்பதால், எரிகிற கலோரி சொற்பம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடல் உழைப்பும், அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வேகமாக நடப்பதை வைத்து முதலாவதைச் சமாளிக்கிறேன். வாரத்தின் நடுவில் ஒரு நாள் பத்து நிமிடம் கிடைத்தால் வீட்டிலேயே புஷ்அப்பும் ஒற்றைக்கால் ஸ்குவாட்டும் ஒரு செட் செய்துவிடுகிறேன். ஒற்றைக்காலில் செய்யும்போது நாற்காலியைப் பிடித்துக்கொள். இது உண்மையிலேயே வித்தியாசம் தருகிறது, ஏனென்றால் ஏழு நாள் இடைவெளி மூன்று நாளும் நாலு நாளுமாக உடைகிறது, அடுத்த முறை வலியும் குறைகிறது.

ஒரு வாரம் தவறினால் இடைவெளி பதினாலு நாளாகிவிடும். அப்போது எடையை ஒரு பத்து சதவீதம் இறக்கி ஒரே செட்டோடு திரும்பி வா, விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாகச் செய்யாதே. நீயும் வெகுநாள் கழித்து ஆரம்பிப்பதால் முதல் இரண்டு வாரம் ஒரு செட் மட்டும், லேசான எடையில். வலி இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சத்துக்கு வந்து இறங்கினால் சரி. தசை வீங்கி, மடக்க முடியாத அளவு வலித்து, சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் அது சாதாரண வலி அல்ல, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். இதை உனக்கு யாரும் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

போன பிறகு ஒரு சின்ன நோட்டில் எடையையும் எண்ணிக்கையையும் எழுதி வை. ஏழு நாள் கழித்து எதுவும் நினைவிருக்காது. முதல் நாள் எழுதியதை எனக்கும் அனுப்பு, நாலாவது வாரம் சேர்த்துப் பார்த்துவிட்டு எங்கே கூட்டலாம் என்று சொல்கிறேன். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்