டீச்சர் சொன்ன ‘நாங்க’

பெரிய டீச்சருக்கும், அந்தப் பதினோரு நாளும் பள்ளிக்கூடத்தைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும்,

மழையில் லயத்தை விட்டு வந்து நம் பள்ளிக்கூட முகாமில் தங்கியிருந்தவர்களில், நேற்றுத்தான் கடைசிக் குடும்பமும் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டது. வகுப்பறைகளைக் கழுவி முடித்துவிட்டோம். தரம் 6 வகுப்பில் மட்டும் ஈரக் கம்பளி வாடை இன்னும் போகவில்லை. நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. தலவாக்கலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். மூன்று இரவாக எடுத்து எடுத்து வைக்கிறேன்.

முதல் இரவு எழுதியதைக் காலையில் வாசித்தேன்: ‘தக்க தருணத்தில் தாங்கள் ஆற்றிய அளப்பரிய சேவைக்கு நன்றி கூற வார்த்தைகள் இல்லை.’ எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. பார்த்தால் என் குரல்தான். நம்முடைய பள்ளி விழாக்களில் நன்றியுரை எப்போதும் என் தலையில்தான் விழும். மூன்று வருடமாக ஒரே தாளை வைத்துச் சமாளிக்கிறேன். ஒளிவிழாவாக இருந்தாலும் விளையாட்டுப் போட்டியாக இருந்தாலும் பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. அந்தத் தாளில்தான் இந்த முறை டீச்சரைப் போட்டிருக்கிறேன். சும்மா, டீச்சரின் பெயரை வெட்டிவிட்டுப் பந்தல்காரர் பெயரை எழுதிப் பார்த்தேன். அவருக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. தாளைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாம் இரவு மறுபக்கம் சாய்ந்துவிட்டேன். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு இங்கே வந்த நாளிலிருந்து டீச்சர் செய்த அத்தனையையும் வரிசையாக எழுதினேன். பாடக் குறிப்பைப் பென்சிலால் திருத்தியது, காய்ச்சல் நேரம் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்தது, இன்னும் எத்தனையோ. மூன்று பக்கம் வந்தது. எல்லாம் உண்மைதான், ஆனால் ஒன்றிலும் டீச்சரின் முகம் தெரியவில்லை. நடுவில் ‘நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை’ என்று வேறு எழுதியிருந்தேன். அதை வாசித்தால் டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வை போதும். கடைசி வரியோ ‘இனியும் உங்கள் வழிகாட்டலை எதிர்பார்க்கிறேன்’. நன்றி சொல்ல வந்தவன் போகிற போக்கில் ஒரு விண்ணப்பத்தையும் நீட்டியிருக்கிறேன்.

நேற்று இரவு எழுதுவதை விட்டுவிட்டு யோசித்தேன். இந்தப் பதினோரு நாளில் எந்த ஒரு நிமிஷம்? அப்போது டீச்சர் வாயிலிருந்து வந்த சொல் என்ன? அதனால் அவருக்கு என்ன நட்டம்? மறுநாள் நான் எதை மாற்றிச் செய்தேன்? உடனே பதில் வந்தது. எழுதத்தான் மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தக் கதையில் பிழை விட்டவன் நான்.

மூன்றாம் நாள் மாலை. பெயர்ப் பட்டியல் என் பொறுப்பு. மேல் டிவிஷன் இருபது காம்பரா லயத்திலிருந்து பிந்தி வந்த ஒன்பது குடும்பங்களைத் தனித் தாளில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். இடாப்பில் ஏற்றவில்லை. இராச் சாப்பாட்டுக்குப் பார்சல் பிரித்தபோது முப்பத்தொன்று குறைந்தது. பிள்ளைகள் தட்டும் கையுமாக வரிசையில் நிற்கிறார்கள். நனைந்த வான் வண்டியில் பார்சலோடு வந்தவர், ‘யார் இந்த லிஸ்ட் எழுதினது?’ என்று சத்தம் போட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, காலையிலிருந்து அவர் ஐந்து முகாம் ஏறி இறங்கியிருந்தார். எனக்கு நாக்கு எழும்பவில்லை.

டீச்சர் அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ‘நாங்க எண்ணினதுல ஒரு பிழை நடந்திருச்சி சேர். முப்பத்தொரு பேரு விடுபட்டுட்டாங்க. இப்ப இருக்கிறதப் பிரிச்சிக் குடுக்கிறோம், நாளைக்கு உங்களுக்குச் சரியான கணக்குத் தாறோம்.’

அவ்வளவுதான். பட்டியலை டீச்சர் தொட்டதேயில்லை. அந்த ‘நாங்க’வுக்குள் அவருக்கு இடமே கிடையாது. ஆனாலும் வந்து நின்றார். அடுத்த ஐந்து நிமிஷப் பேச்சு முழுக்க அவர் தலையில்தான் இறங்கியது. முப்பது வருடத்துக்குக் கிட்ட இங்கே படிப்பிக்கிறவர், தன்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அந்த ஏச்சை வாங்கினார்.

இராப் பதினொரு மணிக்கு டோர்ச் லைட்டோடு என்னை எழுப்பினார். ‘வாங்க தம்பி, பாயை எண்ணுவம்.’ ஆளை எண்ணினால் ஆள் நடமாடும், படுத்த பிறகு பாய் நடமாடாது என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு பாயாகக் குனிந்து, எந்த லயம், எத்தனை தலை என்று மெதுவாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சந்தேகமான பெயர்களைப் பள்ளிச் சேர்வு இடாப்போடு ஒப்பிட்டோம். முடிய ஒரு மணி. சாப்பாட்டு விஷயத்தைப் பற்றி அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு சொல் இல்லை. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, ‘சீனி போதுமா?’ என்று மட்டும் கேட்டார்.

டீச்சர், அதற்குப் பிறகு துண்டுத் தாளில் ஒரு பெயரும் எழுதவில்லை. ஒரே கொப்பி, லயத்துக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு இரவும் பாய் எண்ணிக்கை. எட்டாம் நாள் தண்ணீர்த் தாங்கி காலியானதே, குழாயை மூடாமல் விட்டது எந்தப் பையன் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் கேட்டபோது ‘நாங்க கவனிக்கல’ என்றேன். என் வாயில் அது வந்ததை நானே திரும்பிப் பார்த்தேன். அந்தப் பையனும் பார்த்தான்.

அதிபருக்கு வேறாக ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன், டீச்சரின் கோவையில் போடச் சொல்லி. அதில் பிளேன்டீயும் இல்லை, என் கண்ணீரும் இல்லை. எந்தத் திகதியில் எந்தப் பொறுப்பு, இராக் கணக்கெடுப்பை ஒழுங்கு செய்தது யார், அதன் பிறகு பார்சல் குறைந்ததா இல்லையா, அவ்வளவுதான். கோவையைத் திறந்து பார்க்கிற அதிகாரிக்கு என் மனசு எதற்கு?

மற்றவர்களையும் மறக்கவில்லை. அடுப்படியை விட்டு நகராத அக்காமார், வழுக்கின பாதையில் கர்ப்பிணிகளை ஏற்றி இறக்கிய ஆட்டோ தம்பிமார், கானை வெட்டிவிட்ட இளைஞர்கள், டவுண் பன்சலையிலிருந்து பருப்பும் அரிசியும் கொண்டு வந்தவர்கள், கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டவர்கள், கொழும்பிலிருந்து உடுப்பு மூட்டை கட்டிய நம் பிள்ளைகள். உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிஷம் இருக்கிறது. அதை நேரில் வந்து சொல்கிறேன். பந்தல்காரருக்கும் சேர்த்துத்தான், இரண்டு தறப்பாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பின்குறிப்பு: எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுவதற்கு முன் டீச்சரிடம் காட்டி அனுமதி கேட்டேன். கூச்சப்படுவார் என்று நினைத்தேன். பென்சிலை எடுத்தார். தன் சொந்த வீட்டைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு வரியை வெட்டினார், அது ஊருக்குத் தேவையில்லை என்றார். பிறகு ‘முப்பத்தொன்று’க்குக் கீழே கோடு போட்டு, ‘முப்பத்திரண்டு தம்பி. கைப்பிள்ளை ஒண்டு இருந்திச்சி. நாங்க அன்னைக்கும் அதை விட்டுட்டோம்’ என்றார். மேலே முப்பத்தொன்று என்றே விட்டிருக்கிறேன், பார்சல் கணக்கு அதுதான்.