'மருந்தே கிடையாது' என்ற அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் மருத்துவமனைகளில் பரவும் கேண்டிடா ஆரிஸ் என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையைப் பற்றி எழுதும்போது, "இதற்கு மருந்தே கிடையாது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஒருவரை ஐ.சி.யூ.வில் விட்டுவிட்டு வராந்தாவில் காத்திருப்பவர் அந்த வரியைப் படித்தால் என்ன ஆவார்?

மருந்து இருக்கிறது. ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்குத்தான் இது பெரும்பாலும் கேட்பதில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, அங்கே சோதித்த மாதிரிகளில் சுமார் 90 சதவீதம் ஃப்ளூகோனசோலை எதிர்த்தன. ஆம்போடெரிசின் என்ற இன்னொரு மருந்தை எதிர்த்தவை 30 சதவீதம் அளவு. எக்கினோகேண்டின் வகை மருந்துகளை எதிர்த்தவை 5 சதவீதத்துக்கும் கீழே. முதல் தேர்வு எக்கினோகேண்டின் என்பதற்கு இதுவே காரணம். ஃப்ளூகோனசோல் தாக்கும் இடம் ஈஸ்டின் சவ்வு. எக்கினோகேண்டின் குறிவைப்பது அதன் சுவரைக் கட்டும் நொதியை. சுவர் கட்ட முடியாத ஈஸ்ட் வெடித்துச் சாகிறது. மனிதச் செல்லுக்கு அந்தச் சுவரே இல்லாததால் பக்கவிளைவும் குறைவு.

பத்து நாளாக ஆன்டிபயாடிக் ஏறுகிற, கழுத்தின் பெரிய ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் என்ற குழாய் போட்ட ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் விடவில்லை. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஈஸ்ட் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த ஈஸ்ட் என்று தெரியும்வரை ஃப்ளூகோனசோலில் ஓட்டினால் அத்தனை நாளும் வீண். அதிலும் பழைய கருவிகள் ஆரிஸை 'கேண்டிடா ஹெமுலோனி' என்று தவறாகச் சொல்லிவிடும். கிருமியின் புரதங்களை வைத்து இனம் காணும் மால்டி-டாஃப் கருவி சரியாகப் பிரித்துக் காட்டும். ஆகவே எக்கினோகேண்டின் வகையைச் சேர்ந்த காஸ்போஃபஞ்சினை முதல் நாள் 70 மி.கி., பிறகு தினம் 50 மி.கி. டிரிப்பில் கொடுப்பார்கள். முடிந்தால் அந்த லைனையும் எடுத்துவிட வேண்டும். கல்ச்சரைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஈஸ்ட் இல்லை என்று முதலில் வந்த நாளிலிருந்து 14 நாள் எண்ண வேண்டும். மருந்து தொடங்கிய நாளிலிருந்து எண்ணி நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. ஐந்து நாள் தாண்டியும் ரத்தத்தில் முளைத்தால் லிப்போசோமல் ஆம்போடெரிசினுக்கு மாறுவதை யோசிக்க வேண்டும்.

எக்கினோகேண்டின் சிறுநீருக்கும் மூளைத் தண்டுவட நீருக்கும் கண்ணுக்கும் போதிய அளவு போய்ச் சேராது. தோலில் மட்டும் ஒட்டியிருக்கும் ஈஸ்டுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் எதிர்ப்பைத்தான் வளர்ப்போம்.

இது உங்கள் பக்கத்தில் முதல் தடவையும் அல்ல. 2021-இல் கரும்பூஞ்சை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்கிற மாதிரி எழுதினீர்கள். அது அப்படித் தொற்றுவதில்லை. அதன்பின் கேள்வி-பதிலில் 'எந்தப் பூஞ்சைக்கும் ஃப்ளூகோனசோல்' என்று போட்டீர்கள். இப்போது உண்மையிலேயே கை வழியாகப் பரவும் ஒன்றைப் பற்றி எழுதும்போது, தடுப்புக்கு முகக்கவசம் மட்டும் போதும் என்கிறீர்கள். தெரிந்தவர்கள் ஒருமுறை பார்த்திருந்தால் இந்த மூன்றுமே அச்சேறியிருக்காது.

ஆக்ஸ்போர்டில் ஒரு நரம்பியல் ஐ.சி.யூ.வை மையமாக வைத்து 2015 முதல் 2017 வரை 70 பேருக்கு இந்த ஈஸ்ட் ஒட்டியது. தேடிப் பார்த்ததில், ஒருவர் அக்குளிலிருந்து எடுத்து அடுத்தவர் அக்குளில் வைத்த வெப்பமானிகளோடுதான் தொடர்பு இருந்தது. வேறு நடவடிக்கைகளெல்லாம் எடுத்தும் குறையாத தொற்று, அந்த வெப்பமானிகளை அகற்றிய பிறகுதான் குறைந்தது. அக்குளும் தொடை இடுக்கும்தான் இது தங்கும் இடம். பரிசோதனைக்குப் பஞ்சு தடவுவதும் அங்கேதான். எனவே தனி அறை, உள்ளே போகும்போது கவுன், கையுறை, அந்த நோயாளிக்கென்றே தனி வெப்பமானி, தனி பி.பி. கட்டுத்துணி. கையுறையைக் கழற்றியதும் ஆல்கஹால் தேய்ப்பு. கை அழுக்காக இருந்தால் சோப்பும் தண்ணீரும்.

தரை, கட்டில் கம்பி துடைக்க வார்டுகளில் வைத்திருக்கும் குவாட்டர்னரி அம்மோனியம் வகைக் கிருமிநாசினித் திரவங்கள் பலவும் இதை முழுதாகக் கொல்வதில்லை. ப்ளீச் திரவமான 5 சதவீத ஹைப்போகுளோரைட் 20 மி.லி. எடுத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் 1,000 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு, கிடைக்கும். முதலில் அழுக்கைத் துடைத்துவிட்டுத்தான் அதைப் பூச வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பூசியவுடனே துடைத்துவிடாமல் பத்து நிமிடம் ஈரமாக இருக்க விட வேண்டும். நேற்றுக் கலந்தது இன்றைக்கு ஆகாது.

இவ்வளவையும் நீங்கள் வெளியிடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. 'மருந்தே கிடையாது' என்ற வரி தவறு, எக்கினோகேண்டின் இருக்கிறது என்று அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரி போடுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் மருத்துவர் ஒருவர்,
மதுரை