பத்தாம் வகுப்புப் பெற்றோர் குழு: பிளஸ் ஒன் குரூப் தேர்வு அமர்வு

வணக்கம். ஏப்ரல் 25, சனிக்கிழமை காலை 10 மணிக்கு நம் குடியிருப்புக் கூடத்தில் சந்திக்கிறோம். பிள்ளைகள் அவசியம் வர வேண்டும். அவர்கள் இல்லாமல் பேசிப் பயனில்லை.

1. முதல் அரை மணி நேரம்: எந்த குரூப் எந்த வழியை அடைக்கிறது? கணிதம் இல்லாத உயிரியல் குரூப் எடுத்தால் நீட் எழுதலாம், ஆனால் பி.இ. கலந்தாய்வுக்குப் போக முடியாது. கணினி அறிவியல் குரூப்பில் இது தலைகீழ். பி.காம்., சி.ஏ. படிக்க வணிகவியல் குரூப்தான் வேண்டும் என்பதில்லை, ஆனால் அங்கே கணக்குப்பதிவியல் முன்பே பழகிவிடும்.

2. கட்-ஆஃப் கணக்கு: கணிதம் 88, இயற்பியல் 76, வேதியியல் 80 என்றால் 88+38+40, அதாவது 200-க்கு 166. கணித மதிப்பெண் மட்டும் பாதியாவதில்லை. கணிதத்தில் தடுமாறும் பிள்ளை இதை முதலில் பார்க்கட்டும்.

3. பத்து நிமிடப் பயிற்சி: பிள்ளையும் பெற்றோரும் தனித்தனியே எழுத வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது!
அ) யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கும் பாடம்?
ஆ) நல்ல மதிப்பெண் வந்தும் தொடப் பிடிக்காத பாடம்?
இ) நண்பர்கள் யாரும் சேராவிட்டாலும் எடுக்கும் குரூப்?
அப்புறம் தாள்களை மாற்றிப் படியுங்கள். விடைகள் வேறுபடும் இடத்திலிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.

4. அரையாண்டு, திருப்புதல் தேர்வு மதிப்பெண்கள், பேனா கொண்டு வரவும்.

வருவோர் எண்ணிக்கையை வியாழன் மாலைக்குள் இங்கேயே பதிவிடுங்கள்.