ரெண்டு வட்டியா, ரெண்டரை வட்டியா? எங்கள் ஊர் நிதி நிறுவனக் கிளை மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர் அய்யாவுக்கு,

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து, எங்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டை எழுதுகிறவள் இதை எழுதுகிறேன். எங்கள் குழுவில் ஒரு அக்கா மாடு வாங்க உங்களிடம் 60,000 ரூபாய் கடன் கேட்டார். அட்டையில் 60,000 என்றே எழுதினீர்கள். வங்கிக் கணக்கில் ஏறியது 56,784. காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் 59,000-க்கு மாட்டைப் பேசி முடித்துவிட்டு நின்றவர், குறைந்த பணத்துக்கு நூற்றுக்கு அஞ்சு வட்டியில் கைமாற்று வாங்கித்தான் மாட்டை ஓட்டி வந்தார்.

பிடித்தம் எதெதற்கு என்று உங்கள் ஊழியரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். பரிசீலனைக் கட்டணம் 2 சதவீதம், 1,200. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 216. காப்பீட்டுக்கு 1,800. ஆக மொத்தம் 3,216. கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை வட்டிக் கணக்குக்கு வெளியே வைத்து நீங்கள் பேசுவது சரியில்லை என்பதுதான் என் வழக்கு.

வருடத்துக்கு 24 சதவீதம், குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி, 24 மாதம், மாதத் தவணை 3,172 ரூபாய். எங்கள் பேச்சில் சொன்னால் இது ரெண்டு வட்டி. ஆனால் அந்தத் தவணை 60,000-க்குப் போட்டது. அக்கா கையில் வாங்கியதோ 56,784. வாங்கிய தொகையை வைத்து, அதே 3,172-ஐ 24 மாதம் கட்டினால் என்ன வட்டி ஆகிறது என்று மகனின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மாதத்துக்கு 2.49, வருடத்துக்கு ஏறக்குறைய 30 சதவீதம். ரெண்டு வட்டி என்று எழுதிய கடன் ரெண்டரை வட்டிக் கடனாகிவிட்டது.

3,216 என்பது 60,000-இல் ஐந்தரை சதவீதம்கூட இல்லை, இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு மூன்றுக்குள்தானே என்று உங்கள் ஊழியர் கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 60,000 ரூபாயும் இரண்டு வருடமும் எங்களிடம் இருப்பதில்லை. மாதாமாதம் அசல் குறைகிறது. சராசரியாகப் பார்த்தால் 33,000 சொச்சம்தான் எங்களிடம் நிற்கிறது. கட்டணமோ முழுத் தொகைக்குப் போட்டு, முதல் நாளே எடுக்கப்படுகிறது. அதனால்தான் மூன்றுக்குள் என்று தெரிவது ஆறை நெருங்குகிறது. தண்டல்காரர் பத்தாயிரத்துக்கு எழுதிக்கொண்டு ஒன்பதாயிரம் தரும்போது ஊரே கணக்குப் போட்டுவிடும். கம்ப்யூட்டர் ரசீதோடு வந்தால் யாரும் போடுவதில்லை!

இன்னொன்று இதைவிட வலிக்கிறது. ஆறு தவணை ஒழுங்காகக் கட்டியதும், “பழையதை முடித்துப் பெரிய கடன் எடுத்துக்கோங்கம்மா” என்கிறார்கள். அந்த அக்கா ஆறாம் மாதம் முடித்தால் கட்ட வேண்டிய அசல் சுமார் 47,560. முன்கூட்டி முடிப்பதற்கு அபராதம் இல்லைதான். ஆனால் 24 மாதத்துக்கென்று எடுத்த 3,216-இல் எதுவும் திரும்பாவிட்டால், அது முழுவதும் ஆறு மாதத்தின் தலையில் விழுகிறது. அப்போது அந்தக் கடன் வருடத்துக்கு 37 சதவீதம். மூணு வட்டியையும் தாண்டிவிட்டது. புதுக் கடனுக்கு மறுபடியும் பரிசீலனைக் கட்டணம், மறுபடியும் காப்பீடு. புதுக் கடனிலிருந்து பழைய அசலும் கழிவதால் கையில் வருவது இன்னும் சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக முழுத் தொகைக்கும் கட்டணம் கொடுத்திருப்போம்.

இதற்கான விதி உங்கள் கையிலேயே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15-ஆம் தேதி அனுப்பிய சுற்றறிக்கைப்படி, அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய தாளை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். கட்டணங்களையும், வேறு நிறுவனத்துக்காக நீங்கள் வசூலிக்கும் காப்பீட்டுத் தொகையையும் சேர்த்து வருடாந்திரச் சதவீதம் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளில் சொல்லாத கட்டணத்தை எங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது. எங்களுக்கும் தாள் கொடுத்தீர்கள். ஆங்கிலத்தில், கையெழுத்துப் போடும் பக்கம் மட்டும் மடித்து நீட்டி.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு மூன்று பேர் புதுக் கடன் கேட்டு வருகிறார்கள். கையெழுத்து வாங்கும் முன், அந்தத் தாளைத் தமிழில் கொண்டு வாருங்கள். கணக்கில் ஏறப்போகும் தொகையையும் வருடாந்திரச் சதவீதத்தையும் எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். பழைய கடனை முடித்துப் புதுசு எடுப்பவருக்கு, பழைய காப்பீட்டில் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். என் நோட்டில் அந்தப் பத்திகளுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குழுவின் கணக்கு எழுதுபவள்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்