கொம்புச்சா: மூடிய போத்தலுக்குள் ஏறும் மதுசாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் சுகாதாரப் பக்கத்தில் கொம்புச்சா பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். சமிபாட்டைச் சீராக்கும், இரத்தத்தில் சீனியைக் குறைக்கும், ஈரலைச் சுத்தமாக்கும் என்று நன்மைகள் வரிசையாக வந்தன. மதுசாரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. கொழும்பில் இதைப் பழச்சாறு மாதிரி நினைத்து பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுக்கிறார்கள். உணவு ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் வேலை செய்தவள் என்ற முறையில், கட்டுரை விட்டுவிட்ட பகுதியை எழுத வேண்டும் என்று தோன்றியது.

கொம்புச்சா என்பது சீனி போட்ட தேநீர். ஆறிய தேநீரில் பழைய கொம்புச்சா கொஞ்சமும், அதன் மேல் படரும் வழுவழுப்பான ஆடையும் சேர்த்து, வாயைத் துணியால் கட்டி ஒரு கிழமை, பத்து நாள் வைப்பார்கள். அந்த ஆடையிலும் நீரிலும் மதுவமும் அசற்றிக் அமிலத்தை உண்டாக்கும் பற்றீரியாவும் சேர்ந்தே வாழ்கின்றன. மதுவம் சீனியை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும். பற்றீரியா அந்த மதுசாரத்தை எடுத்து அமிலமாக்கும். நமது ஊர்த் தென்னங்கள்ளு வினாகிரியாக மாறுவதும் இதே வழியில்தான். ஆகவே கொம்புச்சாவில் மதுசாரம் இருப்பது கலப்படமோ தயாரிப்பவரின் தவறோ அல்ல. அது வராமல் அந்தப் புளிப்பே வராது.

சிக்கல் தொடங்குவது போத்தலை மூடிய பிறகு. மதுசாரத்தை அமிலமாக்கப் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் வேண்டும். துணி கட்டிய சாடியில் அது தாராளமாகக் கிடைக்கும். இறுக மூடிய போத்தலில் கிடைக்காது. மதுவத்துக்கோ ஒட்சிசன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மிச்சமிருக்கும் சீனியை அது தின்றுகொண்டே இருக்கும். உண்டாகும் மதுசாரத்தை அமிலமாக்க ஆள் இல்லாததால் அது போத்தலுக்குள்ளேயே சேரும். நல்ல குளிரில் இந்த வேலை மிகவும் மெதுவாகிவிடும். கொழும்பு வெயிலில், முப்பது பாகைக்கு மேல், விறுவிறுவென்று நடக்கும்.

எவ்வளவு ஏறும் என்று கணக்குப் பார்ப்போம். ஒரு கிராம் சீனியிலிருந்து ஏறக்குறைய அரைக் கிராம் மதுசாரம் வரும். 330 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் மதுசாரம் 0.5 வீதம் கூடுவதற்கு மதுவம் இரண்டரைக் கிராம் சீனியைத் தின்றால் போதும். அது அரைத் தேக்கரண்டிச் சீனிதான். மூடும்போது மாம்பழச்சாறோ அன்னாசிச்சாறோ சேர்த்தால் இதைவிடப் பல மடங்கு சீனி உள்ளே போகிறது. தொழிற்சாலையில் 0.4 வீதத்தோடு வெளியேறிய போத்தல், மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் கடைத் தட்டிலும் சில நாள் சூட்டில் இருந்துவிட்டு உங்கள் கைக்கு வரும்போது ஒரு வீதத்தைத் தாண்டியிருக்கலாம்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. அமெரிக்காவில் 0.5 வீதமும் அதற்கு மேலும் உள்ள பானம் மதுபானச் சட்டத்துக்குள் வரும். 2010இல் அங்கே கடைத்தட்டில் இருந்த கொம்புச்சாக்கள் அந்த எல்லையைத் தாண்டியிருக்கின்றன என்று தெரியவந்தபோது, ஹோல் ஃபுட்ஸ் என்ற பெரிய கடைத்தொகுதி அவற்றை விற்பனையிலிருந்து எடுத்தது. போத்தலில் அடைத்த பிறகு எந்த நேரத்தில் 0.5ஐத் தொட்டாலும் அது மதுபானம்தான் என்பதே அங்குள்ள விதி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அறுநூறுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தபோது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒரு வீதத்தைத் தாண்டியிருந்தது.

இதைப் பெரிதுபடுத்தவும் விரும்பவில்லை. 0.5 வீதமுள்ள ஒரு போத்தலில் இருப்பது ஒன்றேகால் கிராம் அளவு மதுசாரம், சாதாரண பியரில் பத்தில் ஒரு பங்கு. வளர்ந்த ஒருவருக்கு அதனால் வெறி வராது. ஆனால் கர்ப்பிணிகளும், குடியை விட்டு மீண்டு வருபவர்களும், மதுசாரம் கூடாது என்று வைத்தியர் சொன்ன மருந்தை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். சமயக் காரணத்தால் தொடாதவர்களும் நம் வாசகர்களில் நிறையப் பேர். குடிப்பதா வேண்டாமா என்பது அவர்களுடைய முடிவு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதை எப்படி எடுப்பார்கள்?

நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. புளிப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். திறந்தவுடன் நுரை பொங்கி வழிந்தால், அல்லது முன்பு வாங்கிய அதே வகையைவிட இனிப்புக் குறைந்திருந்தால், உள்ளே மதுவம் தொடர்ந்து வேலை செய்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். வாயுவைத் தனியாக ஏற்றும் தயாரிப்புகளும் உண்டு, அதனால் நுரை ஒன்றே சாட்சி ஆகாது. வீட்டில் செய்பவர்கள் அடர்த்திமானியை நம்புகிறார்கள். சீனியும் அமிலமும் மதுசாரமும் ஒன்றாகக் கலந்த திரவத்தில் அது சரியான எண்ணைக் காட்டாது. காய்ச்சி வடித்தோ வாயு நிறப்பகுப்புக் கருவியிலோ அளந்தால்தான் உறுதி.

சரி, நன்மைகளுக்கு வருவோம். நீரிழிவு பற்றிய பேச்சுக்கு ஒரு ஆதாரம் உண்டு. 2023இல் வெளிவந்த ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழக ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 12 பேர் நான்கு கிழமைகள் தினமும் 240 மில்லிலீற்றர் கொம்புச்சா குடித்தார்கள். இன்னொரு நான்கு கிழமைகள் அதேபோன்ற போலிப் பானம். எது எது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கொம்புச்சா காலத்தில் வெறும் வயிற்றுச் சீனி சராசரியாக 164இலிருந்து 116க்கு இறங்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஒப்பீட்டுக்குப் போதிய அளவீடுகளைத் தந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே, போலிப் பானம் குடித்தபோதும் சீனி ஓரளவு இறங்கியிருந்தது. இது முன்னோட்ட ஆய்வு என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். இதை நம்பி யாரும் மெட்போமினை நிறுத்திவிடக் கூடாது. கடையில் வாங்கும் போத்தலில் சீனியும் மிஞ்சியிருக்கும், அதன் அளவையும் சுட்டியில் பார்க்க வேண்டும்.

ஈரல், புற்றுநோய், மூட்டுவலி பற்றிய மற்ற உரிமைகோரல்களுக்கு மனிதரில் செய்த முறையான பரிசோதனை எதையும் நான் காணவில்லை. அவை பெரும்பாலும் எலிகளிலும் ஆய்வுகூடக் குழாய்களிலும் கிடைத்த முடிவுகள். 2019இல் ஆய்வுகளைத் தேடித் தொகுத்தவர்களுக்கு மனிதரில் நன்மையைக் காட்டும் ஆய்வாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை.

குடலுக்கு நல்ல உயிருள்ள நுண்ணுயிர்கள் என்ற விளம்பரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பாச்சர்முறையில் சூடாக்கிய போத்தலில் மதுசாரம் மேலும் ஏறாது, ஆனால் அந்த நுண்ணுயிர்களும் செத்திருக்கும். சூடாக்காத போத்தலில் அவை உயிரோடு இருக்கும், மதுவமும் அவற்றோடு உயிரோடு இருக்கும். இந்த இரண்டில் எது என்று விற்பவர் சொல்ல வேண்டும்.

சுட்டியில் மூன்று விடயங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட வேண்டும் என்று சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன்: சூடாக்கப்பட்டதா இல்லையா, எத்தனை பாகைக்குள் வைக்க வேண்டும், விற்பனைக் காலத்தின் கடைசி நாளில் அளந்த மதுசார வீதம் எவ்வளவு. அடைத்த நாளில் எடுத்த எண் வாங்குபவருக்கு உதவாது. உங்கள் நிருபர் கொழும்புக் கடைகளில் சில போத்தல்களை வாங்கி அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் ஒன்றில் சோதித்து, முடிவை அதே சுகாதாரப் பக்கத்தில் வெளியிட்டால் மிகவும் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06